தொட்டி இறங்க எத்தனை நிமிடம்? வர்க்கமூலத்தைக் கரைக்கும் ஒரு பிரதியிடல்

ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சிமெண்டுத் தொட்டி ஒன்று. அதன் பக்கச் சுவரில், தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில், 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை. தொட்டியில் 120 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. மேலே குழாய் நிமிடத்துக்கு 20 லிட்டர் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. இப்போது ஓட்டையின் அடைப்பை எடுத்துவிட்டால், நீர்மட்டம் 45 சென்டிமீட்டருக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஓட்டையிலிருந்து தண்ணீர் ஒரே வேகத்தில் பாய்ந்தால் இது வெறும் வகுத்தல் கணக்கு. அப்படிப் பாய்வதில்லை. இத்தாலியரான டாரிசெல்லி 1644இல் வெளியிட்ட நூலில் காட்டியபடி, பாயும் வேகம் ஓட்டைக்கு மேலே நிற்கும் நீரின் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரம் நான்கில் ஒரு பங்கானால் வேகம் பாதியாகும். நம் தொட்டியில், ஓட்டைக்கு மேல் 100 சென்டிமீட்டர் நீர் நிற்கும்போது மட்டம் நிமிடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் இறங்கும். 25 சென்டிமீட்டர் நிற்கும்போது இரண்டரைதான். ஆக, அந்த உயரத்தின் வர்க்கமூலத்தில் பாதி. குழாய் ஊற்றும் 20 லிட்டர், ஒரு சதுர மீட்டர் பரப்பில், மட்டத்தை நிமிடத்துக்கு 2 சென்டிமீட்டர் உயர்த்தும்.

தரையிலிருந்து நீர்மட்டத்தை x என்று வைத்தால், ஓட்டைக்கு மேலுள்ள உயரம் x − 20. மட்டம் இறங்கும் வேகம் √(x−20)/2 − 2. தொடக்கத்தில் இது நிமிடத்துக்கு 3 சென்டிமீட்டர். 45க்கு வரும்போது அரை சென்டிமீட்டர். நீரை மெல்லிய அடுக்குகளாக நினைத்து, ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் அங்குள்ள வேகத்தால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டினால் நேரம் கிடைத்துவிடும். அந்தக் கூட்டல்தான் தொகையிடல். மேலும் கீழும் 2ஆல் பெருக்கி எழுதினால்:

T = ∫ 2 dx / (√(x−20) − 4), x = 45 முதல் 120 வரை

இந்த வடிவத்துக்கு நேரடி வாய்பாடு கிடையாது. பகுதியில் வர்க்கமூலம் ஒன்று உட்கார்ந்து வழியை மறிக்கிறது. பலருக்கும் முதலில் தோன்றுவது, மூலத்துக்குள் இருக்கும் x − 20ஐ மட்டும் புது மாறியாக வைப்பது. அப்படி வைத்தால் மூலம் போகாது. உள்ளே இருந்த எழுத்து மாறும், அவ்வளவுதான். மூலத்தையும் சேர்த்து முழுசாக எடுக்க வேண்டும்:

u = √(x−20)

இதை இருபுறமும் வர்க்கப்படுத்துங்கள். u² = x − 20, அதாவது x = u² + 20. முறையின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது. மூலத்துக்குள் x முதல் படியில் மட்டுமே இருந்ததால், xஐத் தனியாகப் பிரித்தெடுக்கும்போது புதிதாக எந்த மூலமும் முளைக்கவில்லை. வகையிட்டால் dx = 2u du; இங்கும் மூலம் இல்லை. x = 45 என்றால் u = 5; x = 120 என்றால் u = 10. எல்லாவற்றையும் பிரதியிட்டால்:

T = ∫ 4u du / (u − 4), u = 5 முதல் 10 வரை

இப்போது நம் கையில் இருப்பது ஒரு பல்லுறுப்புக் கோவையை இன்னொன்றால் வகுத்த விகிதமுறு கோவை. எதற்காக இந்த வடிவத்துக்கு இவ்வளவு ஆசைப்படுகிறோம்? விகிதமுறு கோவைகளைப் பகுதி பின்னங்களாக உடைத்துத் தொகையிடும் வழியை லைப்னிட்ஸும் யோகான் பெர்னூலியும் 1702இலேயே வெளியிட்டுவிட்டார்கள். அந்த வடிவத்துக்கு வந்துவிட்டால் மடக்கை, டேன் தலைகீழ்ச் சார்பு போன்ற தெரிந்த சார்புகளிலேயே விடை கட்டாயம் கிடைக்கும். நம் கணக்கில் u/(u−4) என்பதை 1 + 4/(u−4) என்று எழுதினாலே போதும்.

T = 4 [ u + 4 ln(u − 4) ], u = 5 முதல் 10 வரை
= 20 + 16 ln 6 ≈ 48.7 நிமிடம்

அந்த 20 தற்செயலாக வந்த எண் இல்லை. குழாயை மூடிவிட்டுக் கணக்குப் போட்டால் தொட்டி அதே தூரம் இறங்கச் சரியாக 20 நிமிடம் ஆகும். மீதமுள்ள 16 ln 6, ஏறத்தாழ 28.7 நிமிடம், முழுக்க முழுக்கக் குழாயால் வந்த தாமதம். மடக்கைக்குள் இருக்கும் u − 4 இன்னொன்றையும் சொல்கிறது. u நான்கை நெருங்க நெருங்க நேரம் எல்லையில்லாமல் நீளும். u = 4 என்றால் மட்டம் 36 சென்டிமீட்டர்; அங்கே வரத்தும் போக்கும் சமம். தொடக்கத்திலிருந்து 37 சென்டிமீட்டருக்கு வரச் சுமார் 86 நிமிடம், 36.1க்கு வரச் சுமார் 123 நிமிடம். கணக்குப்படி 36ஐத் தொடுவதே இல்லை.

இந்த முறையில் தவறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, dxக்குப் பதில் 2u du என்று எழுதாமல் வெறும் du என்று எழுதிவிடுவது. அப்படிச் செய்தால் விடை 2 ln 6, அதாவது மூன்றரை நிமிடத்துச் சொச்சம். இன்னொன்று, எல்லைகளை மாற்றாமல் 45, 120 என்றே விட்டுவிடுவது. அப்போது விடை 300 நிமிடத்தைத் தாண்டும். இரண்டுமே தவறு என்று கண்டுபிடிக்கத் தொகையிடலே தேவையில்லை. இறங்க வேண்டியது 75 சென்டிமீட்டர். அதிகபட்ச வேகம் 3, குறைந்தபட்ச வேகம் அரை. எனவே விடை 25 நிமிடத்துக்கும் 150 நிமிடத்துக்கும் இடையில்தான் இருக்க முடியும். கணக்கைத் தொடங்கும் முன்பே இந்த இரண்டு எண்களையும் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

மூலத்துக்கு வெளியே x தனியாக நின்றாலும் முறை தளராது. 1/(x√(x+9)) என்பதைத் தொகையிட u = √(x+9) என்று வையுங்கள். வெளியே நிற்கும் x, u² − 9 ஆகிறது; dx = 2u du. தொகுதியில் வந்த uவும் பகுதியில் உள்ள uவும் அடிபட, 2/(u² − 9) மட்டும் மிஞ்சும். பகுதி பின்னங்களாக உடைத்தால் விடை (1/3) ln|(u−3)/(u+3)| + C. எல்லைகள் இல்லாத கணக்கு என்பதால், கடைசியில் uவின் இடத்தில் மறுபடி √(x+9) எழுத வேண்டும். தேர்வில் அவசரத்தில் விட்டுப்போகும் வரி இது.

மூலத்துக்குள் x² வந்தால் நிலைமை மாறுகிறது. √(x²+1)ஐ u என்று வைத்தால் x = √(u²−1) என்று வருகிறது; ஒரு மூலத்தை விரட்டினால் இன்னொன்று வந்து நிற்கிறது. அதற்கு u = x + √(x²+1) போன்ற வேறு பிரதியிடல்கள் உண்டு. இவை ஆய்லர் பெயரால் வழங்குகின்றன. மூலத்துக்குள் x³ வந்துவிட்டால் பொதுவாக எந்தப் பிரதியிடலும் கைகொடுப்பதில்லை. 1/√(x³+1) போன்றவற்றின் தொகையைத் தெரிந்த சார்புகளால் எழுதவே முடியாது என்பதற்கான நிரூபண வழியை 1830களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லியூவில் அமைத்துக் கொடுத்தார்.