மூன்று வழி, ஒரே ஸ்லைடு

அடுக்குமாடியின் பழைய லிஃப்டைப் பழுது பார்ப்பதா, மோட்டாரையும் கண்ட்ரோல் பேனலையும் மட்டும் மாற்றுவதா, புதிதாகவே போடுவதா? பாதுகாப்புச் சோதனையில் தேறாத வழியை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். அதை மதிப்பெண்ணால் ஈடுகட்ட முடியாது.

மூன்றும் தேறினால், அவற்றை ஸ்லைடின் மேல்வரிசையில் எழுதுங்கள். இடப்பக்கம் செலவு (எடை 5), நம்பகம் (3), லிஃப்ட் நிற்கும் நாட்கள் (2). ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண்; செலவு குறைந்தால் மதிப்பெண் கூடும். பழுது பார்ப்பதற்கு 5, 2, 5 கிடைத்தால், எடையால் பெருக்கிக் கூட்ட 41. பகுதி மாற்றம் 4, 4, 3 வாங்கி 38. புதிய லிஃப்ட் 1, 5, 1 வாங்கி 22.

செலவுக்கு 3, நம்பகத்துக்கு 5 என்று எடையை மாற்றிப் பாருங்கள்: 35, 38, 30. பகுதி மாற்றம் முந்திவிடுகிறது! குழு வாதிட வேண்டியது எடையைப் பற்றித்தான். மதிப்பெண்ணைப் பார்த்தபின் எடை வைத்தால், ஏற்கெனவே பிடித்துப்போன வழிக்கே கணக்கு வளையும். எடையை முந்தைய கூட்டத்திலேயே முடிவுசெய்து மினிட்ஸில் எழுதிவிடுங்கள்.