சார்ஜிங் பேட் போடும் கணக்கு

இரவு 11 மணிக்கு வயர்லெஸ் சார்ஜிங் பேட் மீது போனை வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார் ஒருவர். காலையில் எடுத்தால் 40 சதவீதம்கூட ஏறவில்லை, போனின் முதுகு கொதிக்கிறது. பேட்தான் கெட்டுவிட்டது என்று அவர் முடிவுகட்டுகிறார். கவரைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன இரும்புத் தகடு. காரில் உள்ள காந்தத் தாங்கியில் போன் ஒட்டிக்கொள்வதற்காக எப்போதோ வைத்தது.

பேட்டிலும் போனின் முதுகிலும் ஆளுக்கொரு செம்புக் கம்பிச்சுருள் இருக்கிறது. பேட்டின் சுருள் நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல் திசைமாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, போனின் சுருள் அதைத் திரும்பவும் மின்சாரமாக்கிக்கொள்கிறது. நடுவில் இரும்புத் தகடோ சாவி வளையமோ காசோ வந்தால் அதற்குள்ளும் மின்னோட்டம் சுழலும். அந்த மின்சாரம் எதற்கும் பயன்படாமல் வெப்பமாக மாறும்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் ‘சி’ (Qi) தரநிலையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தனக்கு எவ்வளவு வந்தது என்று போன் அடிக்கடி தகவல் அனுப்பும். பேட் தான் அனுப்பியதிலிருந்து அதையும் தன் வழக்கமான இழப்பையும் கழித்துப் பார்க்கும். உதாரணமாக, கணக்கில் அரை வாட் இடித்தால் நடுவில் ஏதோ உலோகம் தின்கிறது என்று பொருள். சின்னக் காசு ஒன்று கையைச் சுடும் அளவுக்குக் காய அது போதும். எனவே பேட் சார்ஜை நிறுத்திவிடும். இந்தச் சோதனை சரியில்லாத மலிவு பேட்களோ நிறுத்தாமல் சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

உலோகமே இல்லாமலும் சூடு வரும்.

போன் சில மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் கவர் தடிமனாக இருந்தாலும் இரு சுருள்களுக்கும் இடையிலான பிணைப்பு தளர்கிறது. போதவில்லை என்று போன் கேட்க, பேட் மின்னோட்டத்தைக் கூட்டுகிறது. கூடுதலாகச் செலவாவதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. பேட்டரி சூடானதும் போன் தானே சார்ஜைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். ஆறியதும் மறுபடி தொடங்கும். மெசேஜ் வரும்போதெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து போன் இடம் நகர்வதும் உண்டு. வைப்ரேஷனை அணைத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

எது காரணம் என்பதை நேரமும் இடமும் காட்டிக்கொடுக்கும். வைத்த சில நொடிகளிலேயே நின்றால் உலோகத்தைத் தேட வேண்டும். கவரின் ஒரு புள்ளி மட்டும் சுடுவதும் அதன் அடையாளமே. பதினைந்து இருபது நிமிடம் ஓடி, முதுகு முழுவதும் பரவலாகச் சூடேறி நின்றால் இடவிலகலையோ தடித்த கவரையோ சந்தேகிக்கலாம். உறுதி செய்ய, கவரைக் கழற்றிவிட்டு வெறும் போனை நடுவில் சரியாக வைத்து அரைமணி நேரம் பார்க்க வேண்டும். நிற்காமல் ஏறினால், தகட்டை மட்டும் எடுத்துவிட்டு அதே கவருடன் மறுபடி வைத்துப் பார்க்கலாம். அப்போதும் நின்றால் கவரின் தடிமன்தான் காரணம்.

2023-இல் அறிவிக்கப்பட்ட Qi2 தரநிலையில் காந்த வளையமே போனை இழுத்துச் சரியான இடத்தில் பொருத்திவிடுகிறது. இடவிலகலுக்கு அது நல்ல மருந்து. கவருக்குள் இருக்கும் இரும்புத் தகட்டை மட்டும் கையால்தான் எடுக்க வேண்டும்.