கூடத்தில் படம் காட்டும் முன் எழுத வேண்டிய கடிதம்

சமுதாயக் கூடம் நடத்தும் பலரிடம் இப்போது ஒரு புரொஜெக்டரும் வெள்ளைத் திரையும் இருக்கின்றன. எப்போதோ யூடியூபிலிருந்து இறக்கிப் பென் டிரைவில் போட்டுவைத்த ஆவணப்படம் ஒன்றும் இருக்கும். ஊருக்குப் பயன்படும் படம், கட்டணம் வாங்கப்போவதில்லை, எடுத்தவரே இணையத்தில் எல்லோரும் பார்க்கட்டும் என்று விட்டதுதான். இதற்கு ஏன் அனுமதி என்று தோன்றுவது இயல்பு. ஆனாலும் அனுமதி வேண்டும். அதைக் கேட்கும் கடிதத்தில், நம் கையில் இருக்கும் பிரதி எது என்பதை ஒளிக்காமல் சொல்லவும் வேண்டும்.

முதலில் சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, ஒரு திரைப்படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டும் உரிமையை அதன் உரிமையாளருக்கே தருகிறது. ஆவணப்படத்துக்கும் இதே விதிதான். படம் வெளியானதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் இந்த உரிமை நீடிக்கும். விதிவிலக்குகளைச் சொல்லும் 52ஆம் பிரிவில்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இருக்கிறது. தொழில்முறை சாராத மன்றம் ஒன்று கட்டணமில்லாமல் நாடகம் போடலாம், கச்சேரி நடத்தலாம் என்று அந்தப் பிரிவு அனுமதிக்கிறது. இலக்கியம், நாடகம், இசை ஆகிய மூன்றுக்கும் கிடைக்கும் அந்தச் சலுகையில் திரைப்படம் சேரவில்லை. பள்ளி, கல்லூரிகளுக்குத் தனியாக ஒரு சலுகை உண்டு. மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், அந்த நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் மட்டும் இருக்கும் அவையில் அவர்கள் படம் காட்டலாம். ஊர் முழுவதற்கும் கதவு திறந்திருக்கும் சமுதாயக் கூடத்துக்கு அது பொருந்தாது. ஆகவே, டிக்கெட் விற்காததால் மட்டும் ஒரு திரையிடல் சட்டப்படி சரியாகிவிடாது.

சேமித்த பிரதிக்கு வருவோம். சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு படைப்பை நியாயமான அளவில் கையாள்வதற்குச் சட்டம் இடம் தருகிறது. அந்த இடம் ஒருவரது வீட்டோடு முடிகிறது. நூறு பேர் கூடும் அவைக்கு நீளாது. யூடியூபின் பயன்பாட்டு விதிகளும் படங்களைத் தனிப்பட்ட முறையில் பார்க்கவே அனுமதிக்கின்றன. அனுமதியின்றித் தரவிறக்குவதையும், பொது இடத்தில் திரையிடுவதையும் அவை தடுக்கின்றன. அதனால் பென் டிரைவை விட்டுவிட்டு நேரடியாக யூடியூபைத் திறந்து காட்டினாலும் சிக்கல் தீராது.

சட்டத்தைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஆவணப்படத்தில் வருபவர்கள் நடிகர்கள் அல்லர், நிஜ மனிதர்கள். தன் கூலியைப் பற்றியோ, சாதியைப் பற்றியோ, வீட்டுச் சண்டையைப் பற்றியோ கேமரா முன் பேசியவர், பின்னால் ‘அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள்’ என்று கேட்கலாம். பேசியதால் அவருக்கு ஊரில் தொல்லை வந்திருக்கலாம். இயக்குநர் அந்தக் காட்சியை வெட்டிவிட்டுப் புதிய பிரதியை வெளியிடுவார், அல்லது படத்தையே இணையத்திலிருந்து இறக்கிவிடுவார். நம் பென் டிரைவில் இருப்பதோ பழைய பிரதி. அவர் காப்பாற்ற நினைத்த மனிதரை, அதுவும் ஒருவேளை அவருடைய பக்கத்து ஊரிலேயே, நாம் திரையில் ஏற்றிவிடுவோம். வெட்டப்பட்டது என்ன என்பது இயக்குநருக்குத்தான் தெரியும். நம்மிடம் உள்ள பிரதியின் நீளத்தையும் அது வந்த வழியையும் சொன்னால்தான் அவரால் நம்மை எச்சரிக்க முடியும்.

அடுத்தது, யாரிடம் கேட்பது. பெரும்பாலோர் இயக்குநருக்கே எழுதுகிறார்கள். தொடங்குவதற்கு அது நல்ல இடம்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். இயக்குநர் தாமே பணம் போட்டு எடுத்த படமென்றால் இருவரும் ஒருவரே. தொலைக்காட்சி நிறுவனமோ அறக்கட்டளையோ அரசுத் துறையோ பணம் கொடுத்திருந்தால், உரிமை அவர்களிடம் இருக்கக்கூடும். 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அமைப்பு 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. அந்தப் படங்களுக்கு இயக்குநரின் வாரிசைத் தேடுவதைவிடக் கழகத்துக்கு எழுதுவதே பொருத்தம். படத்தின் கடைசி ஒரு நிமிடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், பதிப்புரிமை யார் பெயரில் இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கடிதத்தை எப்படி எழுதலாம்? கண்மாய்ப் பாசனம் பற்றிய ஓர் ஆவணப்படத்தை ஓர் ஊர்க் கூடத்தில் காட்ட விரும்புவதாக வைத்துக்கொண்டு எழுதிய மாதிரி இது:

“மதிப்புக்குரிய இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிறு மாலை படம் காட்டிவருகிறோம். கண்மாய்ப் பாசனம் பற்றித் தாங்கள் எடுத்த ஆவணப்படத்தை வரும் மாதம் முதல் ஞாயிறு மாலை 6 மணிக்கு ஒருமுறை மட்டும் திரையிடத் தங்கள் அனுமதியை வேண்டுகிறோம். கூடத்தில் 120 பேர் உட்காரலாம். கட்டணமோ நன்கொடையோ வாங்குவதில்லை. விளம்பரதாரர் யாரும் இல்லை. படம் முடிந்ததும் எங்கள் ஊர்ப் பாசனக்காரர்கள் அரைமணி நேரம் பேசுவார்கள்.

எங்களிடம் இருப்பது, தாங்கள் யூடியூபில் வெளியிட்டிருந்தபோது இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறுப்பினர் ஒருவர் சேமித்த பிரதி. 52 நிமிடம் ஓடுகிறது. 360p தரத்தில் இருக்கிறது. சப்டைட்டில் இல்லை. அந்த இணைப்பு இப்போது திறக்கவில்லை. தாங்கள் படத்தில் ஏதும் மாற்றம் செய்திருக்கிறீர்களா என்பது எங்களுக்குத் தெரியாது. இந்தப் பிரதியைக் காட்டக் கூடாது என்றால் சொல்லுங்கள், காட்ட மாட்டோம். காட்ட வேண்டிய பிரதியைத் தந்து உதவினால் நன்றியுடையவர்களாக இருப்போம். கட்டணம் உண்டென்றால் தெரிவியுங்கள். எங்களால் 2,000 ரூபாய் வரை தர இயலும்.

உரிமை வேறொருவரிடம் இருந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்றும், படத்துக்குச் சென்சார் சான்றிதழ் உள்ளதா என்றும் தெரிவிக்க வேண்டுகிறோம். பிரதியை யாருக்கும் நகலெடுத்துத் தர மாட்டோம்; திரையிடல் முடிந்ததும் அழித்துவிடுவோம். இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாகத் தங்கள் சம்மதத்தை எழுதினால் போதும்.

இப்படிக்கு,
கூடச் செயலாளர்”

கடிதம் நீளமில்லை. ஆனால் எந்த நாள், எத்தனை முறை, எத்தனை பேர், பணம் உண்டா, எந்தப் பிரதி என்று இயக்குநர் முடிவெடுக்கத் தேவையான எல்லாம் அதில் இருக்கிறது. ‘தங்கள் படத்தைத் திரையிட விரும்புகிறோம், அனுமதி தாருங்கள்’ என்று இரண்டு வரி எழுதினால், அவர் இவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். பலர் கேட்காமலே விட்டுவிடுவார்கள். சம்மதத்தை எழுத்தில் கேட்பதற்கும் காரணம் உண்டு. அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 30ஆம் பிரிவு. கையெழுத்தும் தேவை என்ற சொல் 2012 திருத்தத்தில் நீக்கப்பட்டது. தொலைபேசியில் ‘தாராளமாகப் போடுங்க சார்’ என்று அவர் சொன்னாலும், அதை மின்னஞ்சலில் ஒரு வரியாக வாங்கிவைப்பதே பாதுகாப்பு.

360p என்று குறிப்பிடுவது எதற்கு? அந்தத் தரத்தில் படத்தின் அகலம் 640 புள்ளிகள். பத்தடி அகலத் திரையில் விரித்தால் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் ஆகிவிடும். முகங்கள் கலங்கித் தெரியும், எழுத்துகளைப் படிக்க முடியாது. 1080p பிரதியில் அதே புள்ளி 1.6 மில்லிமீட்டர்தான். யூடியூபில் சப்டைட்டில் பெரும்பாலும் தனிக் கோப்பாக இருப்பதால் இறக்கிய பிரதியில் அது வராமலும் போகும். தன் படம் இப்படிக் காட்டப்படுவதை விரும்பாத இயக்குநர், நல்ல பிரதியைத் தானே அனுப்பிவைப்பதற்கு இந்தத் தகவல் போதும்.

இப்படிக் கேட்ட கடிதத்துக்குப் பதில் இவ்வாறு வரலாம்: ‘52 நிமிடப் பிரதியைக் காட்ட வேண்டாம். அதில் பேசும் ஒரு பெரியவரின் குடும்பம் கேட்டுக்கொண்டதால் அந்தப் பகுதியை நீக்கிவிட்டேன். இப்போது படம் 47 நிமிடம். இணைப்பு அனுப்புகிறேன். கட்டணம் வேண்டாம்.’ இந்த ஐந்து நிமிட வித்தியாசத்தைக் கடிதத்தில் நீளத்தைக் குறிப்பிட்டதால்தான் அவர் கண்டுபிடித்தார். கூடத்தார் இனிச் செய்ய வேண்டியது, பழைய கோப்பை உடனே அழித்துவிடுவது. இரண்டும் ஒரே பென் டிரைவில், ஒரே பெயரில் கிடந்தால், அவசரத்தில் பழையதை ஓட்டிவிடுவது எளிது. திரையிடலுக்கு முதல் நாள் முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்து, 47 நிமிடத்தில் முடிகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இயக்குநர் தர முடியாத அனுமதிகளும் உண்டு. படத்தில் பழைய சினிமாப் பாட்டோ செய்திப்படத் துண்டோ இருந்தால், அதை அவர் விழாக்களில் காட்டுவதற்கு மட்டும் உரிமை வாங்கியிருக்கலாம். அப்போது உங்கள் கூடத்துக்கு அவரால் முழுச் சம்மதம் தர இயலாது. பொதுமக்களுக்குப் படம் காட்ட 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி சென்சார் சான்றிதழ் வேண்டும். இணையத்துக்காக மட்டும் எடுத்த பல ஆவணப்படங்கள் அதை வாங்குவதில்லை. படம் காட்டும் இடத்துக்கான உரிமத்தைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியே உண்டு. இவை குறித்து மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும். இயக்குநரின் மின்னஞ்சலைக் காட்டினால் இந்தக் கேள்விகளுக்கு விடையாகாது.

பதிலே வராவிட்டால்? மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது. இரண்டு வாரம் பொறுத்து இன்னொரு முறை எழுதலாம், தயாரிப்பு நிறுவனத்தின் முகவரியைத் தேடலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த மாதம் வேறு படம் போடுவதுதான் முறை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான படங்கள் இருக்கின்றன. யூடியூபில் அவற்றின் விவரக் குறிப்பிலேயே அது எழுதியிருக்கும். பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்திக்கொள்ள உரிமையாளரே முன்கூட்டிச் சம்மதித்த படங்கள் அவை. அதிலும், பதிவேற்றியவர் உண்மையான உரிமையாளர்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அனுமதி கிடைத்துப் படமும் காட்டியாயிற்று என்றால், இன்னொரு சிறு கடிதம் பாக்கி இருக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் காட்சியில் பேச்சு எழுந்தது, யார் என்ன கேட்டார்கள் என்று இயக்குநருக்கு எழுதுங்கள். தன் படம் எங்கே, யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அவரிடம் இருக்கும் சான்று அதுதான். அடுத்த படத்துக்குப் பணம் கேட்டுப் போகும் இடங்களில் அதை அவர் காட்டுவார். கட்டணம் வாங்காமல் படம் தந்தவருக்கு ஒரு கூடம் செய்யக்கூடிய கைம்மாறு அது.