62 சதவீதத்தில் நின்றுபோன விண்டோஸ்

விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. 2018, 2019 வாக்கில் வாங்கிய லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் பலர் ‘சரி, 11-ஐப் போட்டுவிடுவோம்’ என்று பென் டிரைவோடு உட்காருகிறார்கள். திரையில் சதவீதம் ஏறுகிறது. 62-க்கு வந்ததும் நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மெஷின் வேலை செய்கிறதா, செத்துவிட்டதா? பவர் பட்டனை அழுத்தி அணைக்கலாமா, கூடாதா?

உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒன்றில் சாதாரணமாக ஆகும் நேரம், இன்னொன்றில் கோளாறுக்கு அடையாளம்.

ஓரளவு நல்ல பிராசஸர், 8 ஜி.பி. ரேம், ஒழுங்கான பென் டிரைவ் ஆகியவை இருந்தால், என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் 11 பத்துப் பதினைந்து நிமிடத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் கட்டத்துக்கு வந்துவிடும். பழைய சாட்டா வகை எஸ்.எஸ்.டி. என்றால் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஹார்ட் டிஸ்க்கில் முக்கால் மணி நேரம் ஆவது இயல்பு. லேப்டாப்பில் இருக்கும் சிறிய ஹார்ட் டிஸ்க் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் பதற வேண்டியதில்லை. இணையத்திலிருந்து அப்டேட் இறங்கும் நேரம் இதில் சேராது. அது வீட்டு இணைப்பின் வேகத்தைப் பொறுத்தது, டிஸ்க்கின் மேல் பழி போட முடியாது.

இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ‘எஸ்.எஸ்.டி. ஐந்து மடங்கு வேகம்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரிய ஃபைல் ஒன்றை ஒரே மூச்சில் நகலெடுக்கும் வேகத்தை வைத்துச் சொல்வது. விண்டோஸ் போடுவது அப்படிப்பட்ட வேலை அல்ல. பென் டிரைவில் ஐந்தாறு ஜி.பி.யாகச் சுருங்கிக் கிடக்கும் பொதியைப் பிரித்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபைல்களாக டிஸ்க்கில் எழுத வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை மிகச் சிறியவை.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. படிக்கும் எழுதும் முனை சரியான தடத்துக்கு நகர்வதற்குச் சராசரியாக 12 மில்லி விநாடி. அங்கே போன பிறகு, வேண்டிய இடம் சுழன்று அடியில் வருவதற்கு அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி. ஆக, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவ 17 மில்லி விநாடிக்கும் சற்று அதிகம். ஒரு விநாடியில் அறுபது தாவல் கூடத் தேறாது. ஃபைலுக்கு ஒரு தாவல் என்று வைத்தாலே, ஒரு லட்சம் ஃபைலுக்கு அரை மணி நேரம் தாவுவதற்கே போய்விடும். பக்கத்துப் பக்கத்து இடங்களில் எழுத வேண்டியதை விண்டோஸ் சேர்த்துவைத்து எழுதிக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் இடத்தையும் தனிப் பட்டியலில் பதிய வேண்டியிருப்பதால் அந்த மிச்சம் பெரும்பாலும் அங்கே செலவாகிவிடும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஓர் இடத்தைத் தொட மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். அதே ஒரு லட்சம் தாவலுக்குப் பத்து விநாடி.

பென் டிரைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மலிவான யு.எஸ்.பி. 2 பென் டிரைவ் விநாடிக்கு 15, 20 எம்.பி.தான் தரும். ஐந்தரை ஜி.பி.யைப் படிக்கவே ஐந்தாறு நிமிடம். எவ்வளவு வேகமான எஸ்.எஸ்.டி.யாக இருந்தாலும் அந்த நேரம் சும்மா காத்திருக்க வேண்டியதுதான். ‘புது எஸ்.எஸ்.டி. போட்டும் இழுக்குதே’ என்று அதைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் முன், வேறு பென் டிரைவை, வேறு யு.எஸ்.பி. துளையில் செருகிப் பார்ப்பது உத்தமம். 0x80070570 என்ற எண்ணோடு செட்டப் நின்றுவிட்டாலும் முதல் சந்தேகம் பென் டிரைவின் மேலும் அதிலுள்ள நகலின் மேலும்தான். இரண்டாவது சந்தேகம் ரேம். டிஸ்க் அதற்குப் பிறகுதான்.

இனி அந்த 62 சதவீதம். கடிகாரத்தைவிட அந்த எண் எப்படி நகர்கிறது என்பதைக் கவனித்தால்தான் விஷயம் புரியும். நல்ல ஹார்ட் டிஸ்க் மெதுவாகப் போனாலும் போய்க்கொண்டே இருக்கும். சதவீதம் இரண்டு மூன்று நிமிடம் நகராமல் இருக்கலாம். அப்போதும் டிஸ்க் விளக்கு ஒழுங்கில்லாமல் மினுக்கும், காதை வைத்துக் கேட்டால் முனை அங்குமிங்கும் ஓடும் மெல்லிய கரகரப்பு இருக்கும். பழுதான டிஸ்க்கின் போக்கு வேறு. விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். ஒரே மாதிரியான ‘டிக்… டிக்’ சத்தம் சீரான இடைவெளியில் வரும், அல்லது முழு அமைதி. பிறகு திடீரென்று நாலைந்து சதவீதம் ஓடி, மறுபடி உறைந்துபோகும்.

படிக்க முடியாத ஒரு செக்டரில் மாட்டிக்கொண்ட டிஸ்க் உடனே கைவிரிப்பதில்லை. தட்டு ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் மறுபடி படித்துப் பார்க்கும். முனையைச் சற்றே நகர்த்திப் பார்க்கும். இப்படி நூற்றுக்கணக்கில் முயலும். வீட்டுக் கணினிக்கான டிஸ்க்குகள் இதற்கு நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும்படியே வடிவமைக்கப்பட்டவை. விண்டோஸும் வழக்கமாக 60 விநாடி வரை பொறுத்திருந்துவிட்டு, டிஸ்க்கை ரீசெட் செய்து, மீண்டும் கேட்கும். அப்படிப்பட்ட செக்டர்கள் பத்து வரிசையாக வந்தால் பத்து நிமிடம் காணாமல் போய்விடும். செட்டப் திரையோ எதையும் காட்டிக்கொள்ளாமல் வட்டத்தைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கும்.

இதை உறுதிசெய்ய டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக வேறொரு கணினியில் மாட்டி, CrystalDiskInfo என்ற இலவச நிரலைத் திறக்கலாம். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவரும் குறிப்புகளை அது காட்டும். மூன்று வரிகள் போதும். 05 என்பது பழுதாகி, உபரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. C5 என்பது படிக்க முடியாமல் திணறி, முடிவு தெரியாமல் நிற்பவை. C7 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்த தகவல்கள். இது டிஸ்க்கின் குற்றமாக இருப்பது அபூர்வம், பெரும்பாலும் கேபிள்தான். அந்த நிரல் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: அங்கே 10 என்றிருந்தால் நம் கணக்கில் 16.

நம் லேப்டாப்பில் C5 வரிசையில் 48 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் கணக்கில் 72 செக்டர்கள் தொங்கலில். உரிமையாளர் டிஸ்க்கை முழுதாக ஃபார்மட் செய்கிறார். மறுபடி பார்த்தால் C5 பூஜ்யம்! விண்டோஸும் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. ‘ஃபார்மட் பண்ணினதும் சரியாயிடுச்சு’ என்ற பேச்சு பிறப்பது இப்படித்தான். தொங்கலில் இருக்கும் செக்டரின் மேல் புதிதாக எழுதும்போது, அது தேறினால் டிஸ்க் வைத்துக்கொள்ளும். தேறாவிட்டால் உபரி இடத்தில் எழுதிவிட்டு 05-ஐ ஏற்றும். முழு ஃபார்மட் எல்லா இடத்திலும் எழுதுவதால் C5 துடைக்கப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். 05-ஐயும் பார்த்தால்தான் நிலவரம் தெரியும். அது ஏறியிருந்தால், அடுத்த சில வாரங்களில் C5 மறுபடி தலைதூக்கினால், தட்டின் மேற்பரப்பு கெட்டுக்கொண்டே போகிறது என்று பொருள். அந்த டிஸ்க்கில் குடும்பப் படங்களை வைக்கக் கூடாது. விரைவு ஃபார்மட்டோ பட்டியலை மட்டும் புதிதாக எழுதும், கெட்ட செக்டர்களைத் தொடுவதே இல்லை.

ஃபார்மட்டுக்கு முன்பே படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்துக்கு எடுத்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் முதலில் `chkdsk /r` கட்டளையைத்தான் ஓடவிடுகிறார்கள். அது டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும் கட்டளை. நலமான 1 டி.பி. டிஸ்க்கிலேயே, விநாடிக்கு 100 எம்.பி. வேகத்தில், முழுதாக ஒரு முறை படிக்க மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகும். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அவ்வளவு நேரம் உழைக்க வைத்துவிட்டுப் பிறகு நகலெடுக்கப் போனால், நகலெடுக்க எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்.எம்.ஆர். வகை ஹார்ட் டிஸ்க்குகள், நீண்ட நேரம் எழுதினால் நலமாக இருந்தாலும் திணறும். ஒரு தடத்தை மாற்ற அதை ஒட்டிய தடங்களையும் மறுபடி எழுத வேண்டும் என்பதால் வரும் திணறல் இது. தன் ரெட் வரிசை டிஸ்க்குகள் சிலவற்றில் இந்த முறை இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டது; வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். லேப்டாப்புக்கான 1 டி.பி. டிஸ்க்குகளிலும் இது பரவலாக உண்டு. இங்கே C5-உம் 05-உம் பூஜ்யமாகவே இருக்கும்.

எஸ்.எஸ்.டி.யின் கதை வேறு. அங்கே மெதுவாவது முன்னெச்சரிக்கையாக வரும் என்று நம்பி இருக்க முடியாது. 2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம், தான் விற்ற சில எஸ்.எஸ்.டி.கள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று அறிவித்து, ஃபர்ம்வேரை மாற்றச் சொன்னது. மூன்று ஆண்டு ஒன்பது மாதத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு முந்தைய நிமிடம் வரை அவற்றின் வேகத்தில் குறையே தெரிந்திருக்காது. விலை குறைந்த எஸ்.எஸ்.டி.கள் வேகமாக எழுதவென்று வைத்திருக்கும் பகுதி நிறைந்ததும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்குவதும் உண்டு. ஆனால் காலியான டிஸ்க்கில் விண்டோஸ் எழுதும் அளவு அந்தப் பகுதிக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே எஸ்.எஸ்.டி.யில், முதல் ரீஸ்டார்ட்டுக்கு முன்பே அரை மணி நேரம் ஓடிவிட்டால் அது இயல்பல்ல. பென் டிரைவை மாற்றியும் அப்படியே என்றால், மேசைக் கணினியில் சாட்டா கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் ஒருவழியாக ஏறிவிட்டால் Event Viewer-இல் System பதிவைத் திறந்து, 129 அல்லது 153 என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடலாம். முதலாவது, டிஸ்க் பதில் சொல்லாததால் ரீசெட் செய்ததற்கான பதிவு. இரண்டாவது, படிப்பதையோ எழுதுவதையோ மறுபடி முயன்றதற்கான பதிவு. எண் 7 இருந்தால் கெட்ட செக்டர் என்று விண்டோஸே எழுதிவைத்திருக்கும்.

ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஏறிய முதல் நாளில் இன்னொரு பயம் வரும். Task Manager-இல் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும். அப்டேட், வைரஸ் சோதனை, தேடலுக்கான அட்டவணை எல்லாம் பின்னணியில் ஒரே முனைக்காகப் போட்டி போடும் நேரம் அது. மின்னிணைப்பை எடுக்காமல் ஓர் இரவு விட்டுவிட்டு, மறுநாள் அதே திரையில் Average response time என்ற வரியைப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் அது பத்துகளில், வேலை மிகுந்தால் சில நூறு மில்லி விநாடியில் இருப்பது சரி. எந்த நிரலும் திறந்திராதபோதும் ஆயிரக்கணக்கில் நின்றால் C5 வரியைத் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது.