25 நிமிடத்தில் எதை வைப்பது, எதை விடுவது?

ஆண்டு விழா ஒத்திகை, மருத்துவ முகாம், நீண்டுபோன காலை வழிபாட்டுக் கூட்டம் என்று ஏதாவது ஒன்று வந்தால் பள்ளியில் அன்றைய பாடவேளைகள் சுருங்கிவிடும். 45 நிமிடத்துக்குத் தயாரித்த பாடத்தை 25 நிமிடத்தில் முடிக்கச் சொல்வார்கள். ஆசிரியர்கள் பலர் அன்று வேகமாகப் பேசி எல்லாவற்றையும் தொட்டுவிடப் பார்ப்பார்கள். அதில் முதலில் பறிபோவது பிள்ளைகள் தாங்களே எழுதிப் பார்க்கும் நேரம்தான். பாடம் நடந்து முடிந்திருக்கும், ஆனால் யாருக்குப் புரிந்தது என்று ஆசிரியருக்கே தெரியாது.

ஆறாம் வகுப்புக் கணக்கில் வேற்றினப் பின்னங்களின் கூட்டலை எடுத்துக்கொள்வோம். பகுதிகள் வெவ்வேறாக உள்ள இரண்டு பின்னங்களைக் கூட்டக் கற்றுத்தரும் பாடம் இது. 45 நிமிடத் திட்டத்தில் வீட்டுப்பாடம் சரிபார்த்தல், ஆளுக்கொரு காகிதம் மடித்துப் பார்த்தல், மீச்சிறு பொது மடங்கு காணும் முறை, கரும்பலகையில் மூன்று எடுத்துக்காட்டுகள், பயிற்சி, கலப்புப் பின்னம், ஒரு வாழ்க்கைக் கணக்கு ஆகிய எல்லாம் இருக்கும்.

குறைக்க உட்காரும்போது கடைசி மூன்று நிமிடத்திலிருந்து தொடங்க வேண்டும். மணி அடிக்கும் முன் பிள்ளை தனியாக எதைச் செய்து காட்ட வேண்டும்? இங்கே அது 1/3 + 1/5 என்ற ஒரே கணக்கு. அந்தக் கணக்கைப் போட எது உதவுமோ அது இருக்கட்டும், மற்றவை நாளைக்குப் போகட்டும்.

அப்படிப் பார்த்தால் வீட்டுப்பாடச் சரிபார்ப்பு முதலில் போகிறது. நோட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். கலப்புப் பின்னமும் வாழ்க்கைக் கணக்கும் அடுத்த நாளுக்குத் தள்ளப்படும். மீச்சிறு பொது மடங்கையும் தள்ளலாம். இரண்டு பகுதிகளையும் பெருக்கினாலே பொதுப் பகுதி கிடைத்துவிடும். 1/4 + 1/6 போன்ற கணக்கில்தான் அது 24 என்று பெரிதாக வரும், 12 போதுமே என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியே மறுநாள் பாடத்துக்கு நல்ல தொடக்கம்.

காகித மடிப்பை மட்டும் முழுதாக விடக் கூடாது. பகுதிகளை ஏன் சமமாக்குகிறோம் என்பதைப் பிள்ளையின் கண்ணுக்குக் காட்டுவது அதுதான். ஆனால் 40 பேருக்குக் காகிதம் கொடுத்து மடிக்க வைத்தால் பாதிப் பாடவேளை ஓடிவிடும். ஆசிரியரே கரும்பலகையில் ஒரு செவ்வகம் வரைந்து, நெடுக்கில் இரண்டாகவும் குறுக்கில் மூன்றாகவும் பிரிக்கலாம். ஆறு கட்டங்கள் வரும். 1/2 என்பது மூன்று கட்டம், 1/3 என்பது இரண்டு கட்டம். கூட்டினால் 5/6.

இனி 25 நிமிடத்தைப் பிரிப்போம். முதல் 3 நிமிடத்தில் விளக்கம் எதுவும் இல்லாமல் 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்க வேண்டும். வழக்கமாகப் பலரும் 2/5 என்பார்கள். ‘2/5 அரையைவிடச் சிறியது ஆயிற்றே, அரையோடு ஒன்றைக் கூட்டினால் குறையுமா?’ என்று கேட்டு நிறுத்திவிடலாம். அடுத்த 6 நிமிடம் கட்டப் படம். பிறகு 4 நிமிடத்தில் ஒரே எடுத்துக்காட்டு: 1/4 + 2/3 என்பது 3/12 + 8/12 ஆகி, 11/12 என்று முடிகிறது. அடுத்த 9 நிமிடம் பிள்ளைகளுடையது. 2/5 + 1/2, 1/3 + 1/4 என்ற இரண்டு கணக்குகளை அவர்கள் போடட்டும், ஆசிரியர் வரிசைக்கு வரிசை நடந்து பார்க்கட்டும். கடைசி 3 நிமிடத்தில் 1/3 + 1/5 கணக்கைத் துண்டுச் சீட்டில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அன்றைய பாடம் எந்த அளவு போய்ச் சேர்ந்தது என்பதை அந்தச் சீட்டு சொல்லிவிடும். 8/15 என்று எழுதியவருக்குப் புரிந்திருக்கிறது. 2/8 என்று எழுதியவர் பழைய இடத்திலேயே நிற்கிறார், அவருக்கு மீண்டும் கட்டப் படம் வேண்டும். 2/15 என்று எழுதியவர் பகுதியை மாற்றிவிட்டுத் தொகுதியை அப்படியே விட்டவர். அவருக்குத் தேவை சமான பின்னத்தில் இன்னும் கொஞ்சம் பயிற்சி.

எல்லாப் பாடத்தையும் இப்படிச் சுருக்க முடியாது. தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாத அறிவியல் சோதனை இருந்தால் அதை வேறு நாளுக்கு மாற்றுவதே சரி. விட்டுப்போன பகுதியை விளக்காமலே வீட்டுப்பாடமாகக் கொடுப்பதும் கூடாது. வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைதான் அதில் பின்தங்கும்.

பாடக்குறிப்பு எழுதும்போதே, கடைசிக் கேள்வியையும் அதற்குக் கட்டாயம் வேண்டியவற்றையும் ஆசிரியர்கள் அடிக்கோடிட்டு வைக்க வேண்டும். பாடவேளை குறையும் என்பதைத் தலைமையாசிரியர்கள் முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது என்று ஆற அமர யோசிக்க அந்த ஒரு மாலை தேவை.