94-இல் நின்றுபோன வேகம்

இணையத் திட்டத்தை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300-க்கு ஏற்றிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பில் ஏறிவிட்டது, வேகம் ஏறவில்லை. லேப்டாப்பில் கேபிளைச் செருகி வேகச் சோதனை ஓட்டினால், முள் விறுவிறுவென்று எழுந்து 94-இல் வந்து நிற்கிறது. காலை 11 மணிக்கும் 94, நள்ளிரவிலும் 94. வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டால், “எங்க சைடுல 300 ஆக்டிவேட் ஆயிடுச்சு சார், லைன் கிளியரா இருக்கு” என்று பதில் வருகிறது. அவர்கள் சொல்வது பெரும்பாலும் பொய்யில்லை.

அந்த 94 ஒரு நல்ல துப்பு. தெருவில் நெரிசல் என்றால் வேகம் ஏறி இறங்கும். எல்லோரும் படம் பார்க்க உட்காரும் சாயங்காலத்தில் படுத்து, விடியற்காலையில் நிமிரும். எந்நேரமும் ஒரே எண்ணில் முட்டி நிற்கிறதென்றால் தடை வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேதான் எங்கோ இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் வரை மட்டுமே போகக்கூடிய ‘ஃபாஸ்ட் ஈதர்நெட்’ 1995-இல் வந்த தரம். அதில் போகும் ஒவ்வொரு முழுப் பொட்டலமும் கம்பியில் 1,538 பைட் அளவுக்கு இடம் பிடிக்கிறது. அதில் நம் தரவு ஏறத்தாழ 1,460 பைட்தான். மீதி முகவரிக்கும் சரிபார்ப்புக்கும் பொட்டலங்களுக்கு நடுவே விடும் இடைவெளிக்கும் போய்விடும். கணக்குப் போட்டால் நூறில் 94-ஐ ஒட்டிய எண்தான் மிஞ்சும். ஆக, சோதனை 93-க்கும் 95-க்கும் நடுவில் அசையாமல் நின்றால், வழியில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம்.

புகார் கொடுத்ததும் லைன்மேன் வந்து, மஞ்சள் ஃபைபரைக் கழற்றிப் பவர் மீட்டரில் செருகிப் பார்க்கிறார். மைனஸ் 19 என்று காட்டுகிறது, நல்ல ஒளி. அவருக்கு அத்தோடு வேலை முடிந்தது. ஃபைபரைக் குறை சொல்லவும் முடியாது. வீடுகளுக்கு வரும் ஜிபான் முறையில் ஒரு இழையில் கீழ்நோக்கி நொடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட் வருகிறது. அதை 32 வீடோ 64 வீடோ பகிர்ந்துகொண்டாலும், எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால் 300 தாராளமாகக் கிடைக்கும். அவ்வளவையும் வாங்கிக்கொண்டு 100-ஆக வெளியே விடுவது சுவரில் தொங்கும் பெட்டிதான். நாம் மோடம் என்று சொல்லும் அந்த ஓஎன்டி, முதல் இணைப்பின்போது நிறுவனம் கொடுத்தது. 40, 50 எம்பிபிஎஸ் திட்டங்களுக்கு ஃபாஸ்ட் ஈதர்நெட் துளையே ஏராளம், விலையும் குறைவு. திட்டத்தை ஏற்றியபோது பெட்டியைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை.

பெட்டியைக் கழற்றி அடிப்பக்கத்து ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டும். லேன் துளைகளுக்கு அருகில் `FE` என்றோ `10/100` என்றோ இருந்தால் அது நூறோடு சரி. `GE` அல்லது `10/100/1000` என்றால் ஜிகாபிட். இங்கே ஒரு வேடிக்கை உண்டு: பல பெட்டிகளில் இரண்டும் கலந்தே இருக்கும். ஒரு துளை ஜிகாபிட், பக்கத்துத் துளை ஃபாஸ்ட் ஈதர்நெட். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், கைக்கு எட்டியதில் செருகிவிடுகிறார்கள். கேபிளை ஒரு துளை தள்ளிச் செருகியதும் பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு.

ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால் லேப்டாப்பையே கேட்கலாம். விண்டோஸில் பவர்ஷெல் திறந்து இதை அடித்தால் போதும்:

```
Get-NetAdapter
```

`LinkSpeed` என்ற பத்தியில் `1 Gbps` என்று வர வேண்டும். `100 Mbps` என்று வந்தால், பெட்டியின் துளை, லேப்டாப்பின் துளை, நடுவில் உள்ள கேபிள் ஆகிய மூன்றில் ஒன்று நூறைத் தாண்டவில்லை.

கேபிளைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதற்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். நூறுக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். சில இடங்களில் கிரிம்ப் செய்தவர் நான்கு கம்பிகளோடு நிறுத்தியிருப்பார், அல்லது எட்டில் ஒன்று கதவிடுக்கில் நசுங்கி அறுந்திருக்கும். அப்போது இரு முனைக் கருவிகளும் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். நெட் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பிளக்கின் கண்ணாடி முனையில் எட்டு நிறமும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, கேட் 5ஈ என்று அச்சிட்ட வேறொரு கேபிளை மாட்டிச் சோதித்தால் இதற்கு விடை கிடைத்துவிடும்.

நமது வீட்டில் கேபிளை மாற்றியும் 94-தான். ஸ்டிக்கரில் இரண்டு துளைக்கும் `FE`. விஷயம் முடிந்தது.

ஆனால் அந்த வீட்டில் கேபிள் போட்டு நெட் பார்ப்பவர் யாருமில்லை, எல்லாம் வைஃபைதான். அங்கே நிலைமை இன்னும் மோசம். போனின் வைஃபை விவரப் பக்கத்தில் இணைப்பு வேகம் 72 என்று காட்டுகிறது. இந்த எண்ணும் பேசும். 72, 144 என்பவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 2009-இல் வந்த `802.11n` தரத்தின் அடையாளம். இப்போது அதை வைஃபை 4 என்கிறார்கள். 433, 866 என்று வந்தால் 5 கிகாஹெர்ட்ஸ், அதாவது வைஃபை 5. இதில் காட்டுவதில் பாதியோ கொஞ்சம் கூடுதலோதான் கையில் கிடைக்கும். 72-இல் இணைந்த போனுக்கு 40, 45 வந்தாலே பெரிது. பக்கத்து வீடுகளின் வைஃபையும் அதே 2.4-இல் மோதுவதால் அடுக்குமாடியில் அதுவும் வராது. லேப்டாப்பில் `netsh wlan show interfaces` என்று அடித்தால், எந்தத் தரத்தில் இணைந்திருக்கிறது என்று `Radio type` வரியில் தெரிந்துவிடும். ஆனால் பெட்டி புதிதாக இருந்து போன் பழையதாக இருந்தாலும் இதே எண்தான் வரும். அதனால் ஒரு கருவியை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

நிறுவனத்திடம் “நெட் ஸ்லோ” என்று மட்டும் சொன்னால் மறுபடியும் பவர் மீட்டரோடுதான் ஆள் வருவார். “பெட்டி சிங்கிள் பேண்ட், லேன் துளை ஃபாஸ்ட் ஈதர்நெட், 300 திட்டத்துக்கு டூயல் பேண்ட் ஜிகாபிட் ஓஎன்டி வேண்டும்” என்று மாடல் பெயரோடு சொன்னால் பேச்சு வேறு பக்கம் போகும். கடையில் வேறு ஓஎன்டி வாங்கி மாட்டினால் பொதுவாக வேலை செய்யாது. பெட்டியின் சீரியல் எண் நிறுவனத்தின் கருவியில் பதிவானால்தான் லைன் ஏறும்.

தனி ரூட்டர் வாங்கிப் பழைய பெட்டியோடு சேர்ப்பதும் இந்த வீட்டுக்கு வீண் செலவு. ஜிகாபிட் துளையே இல்லாத பெட்டியிலிருந்து எவ்வளவு விலையுயர்ந்த ரூட்டருக்கும் நூறுதான் போகும். ஜிகாபிட் துளை உள்ள பெட்டிக்கு ரூட்டர் வாங்குபவர்களும் ஏமாறுவதுண்டு. அட்டையில் பெரிதாக 1200 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். அது இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகங்களைக் கூட்டிய எண். அதே ரூட்டரின் வேன் துளை 10/100 ஆக இருப்பது மலிவு விலை மாடல்களில் சகஜம். அட்டையின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்துப் பொடி எழுத்துதான் முக்கியம்.

பெட்டி மாறிய பிறகு, கேபிளில் 280-ஐத் தாண்டும். ஹாலில் 5 கிகாஹெர்ட்ஸில் புதிய போனுக்கு 250 வாக்கில் வரும். இரண்டு சுவர் தாண்டிய பின்னறையில் 5 கிகாஹெர்ட்ஸ் தளர்ந்து, போன் தானாக 2.4-க்குத் தாவிப் பழைய வேகத்துக்கே போய்விடும். ஸ்மார்ட் டிவியைக் கேபிளில் இணைத்தாலும் 94-தான் காட்டும், ஏனென்றால் பெரும்பாலான டிவிகளின் லேன் துளையே ஃபாஸ்ட் ஈதர்நெட். 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் போதும் என்பதால் அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. டிவியும் இரண்டு போன்களும் மட்டுமே ஓடும் வீடென்றால், பெட்டி மாற்றச் சொல்லி அலைவதற்குப் பதிலாக அடுத்த மாதமே 100 திட்டத்துக்கு இறங்கிவிடலாம், பில்லாவது குறையும்.