அட்டிகையில் ஆடிய நாலு கல்

"உங்கள் கடையை நம்பி மோசம் போய்விட்டோம்" என்று ஆரம்பித்தது அந்தக் கடிதத்தின் முதல் வடிவம். முழுசாக இரண்டு பக்கம். சம்பந்தி வீட்டார் முன்னால் பட்ட தலைக்குனிவு, கடைக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசாதது, இனி சொந்தத்தில் ஒருத்தரும் அந்தக் கடைப் படி ஏறமாட்டார்கள் என்ற சபதம், எல்லாம் இருந்தது. நகையில் என்ன பழுது என்பது மட்டும் "கல்லெல்லாம் கழன்று விழுகிறது" என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டது.

எழுதியவர் தருமபுரிப் பக்கத்துக்காரர். பெங்களூரு பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் ஆரம்பித்து, இப்போது பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் இடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறார். மகள் கல்யாணத்துக்குச் சேலத்தில் ஒரு பெரிய கடையில் அட்டிகை வாங்கினார். கல்யாணம் முடிந்து ஐந்தாவது வாரம் ஒரு சிவப்புக் கல் கழன்று பட்டுப்புடவை மடிப்பில் கிடந்தது. தடவிப் பார்த்தால் இன்னும் நாலு கல் ஆடியது. "கொஞ்சம் திருத்திக் குடுங்க சார், நீங்க எழுதுறவங்க" என்று என்னிடம் கொண்டுவந்தார்.

திருத்துவதற்கு முன் ஒன்று கேட்டேன். "உங்க கம்பெனிக்கு ஒரு லாட் மோசமா வந்தா, சப்ளையருக்கு 'பீஸெல்லாம் மோசம்'னு எழுதுவீங்களா அண்ணே?" சிரித்துவிட்டார். எத்தனை பீஸில் எத்தனை, எந்த அளவு, எவ்வளவு விலகல், எந்தக் கருவியில் பார்த்தது என்று எழுதாவிட்டால் அந்த லாட் திரும்பிப் போகாது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர், அடுத்து வந்தபோது பட்டறை மேஜையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸோடு வந்தார்.

அட்டிகையின் நடு வரிசையில் 21 சிவப்புக் கல். ஒவ்வொன்றும் முட்டை வடிவம், 6 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் அகலம். மேலும் கீழும் சின்னச் சின்ன வெள்ளைக் கல் 46. எல்லாமே செயற்கைக் கற்கள்தான், பில்லிலும் அப்படித்தான் போட்டிருந்தது. சிவப்புக் கல் ஒவ்வொன்றையும் நாலு தங்க நகங்கள் பிடித்திருக்கின்றன. நகத்தின் உள்பக்கம் கல்லின் விளிம்பு போய் உட்காருகிற மாதிரி சின்னதாக ஒரு காடி வெட்டி, கல்லை இறக்கி, நகத்தின் நுனியைக் கல்லின் மேல் படிய மடக்கி அழுத்துவதுதான் கல் பதிப்பவரின் வேலை. காடி சரியாக வெட்டப்படாவிட்டால் கல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். நுனி படியாவிட்டால் கல்லைப் பிடிக்க ஒன்றுமே இல்லை. வாங்கும்போது இது தெரியாது. புதுக் கல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். சில முறை கழுத்தில் போட்டுக் கழற்றிய பிறகுதான் அசைய ஆரம்பிக்கும்.

22 காரட் தங்கம் இதில் இன்னொரு சங்கடம். நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம் என்றால் உலோகம் மெத்தென்று இருக்கும், மெல்லிய நகம் எளிதாக வளையும். வைர நகைகளைப் பெரும்பாலும் 18 காரட்டில் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். 22 காரட்டில் கல் பதிக்கிறவர் நகத்தைக் கொஞ்சம் தடிமனாக விடவேண்டும். தடிமன் விட்டால் எடை கூடும், எடை கூடினால் விலை கூடும். பார்வைக்குப் பெரிதாகவும் எடைக்குக் குறைவாகவும் நகை கேட்கிற நம் ஆசைக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் அதற்காகக் கல் விழக்கூடாது.

லென்ஸில் தெரிந்தது இதுதான். இடமிருந்து எண்ணினால் ஒன்பதாவது கல் விழுந்திருக்கிறது. ஏழு, எட்டு, பத்து, பதினொன்று ஆடுகின்றன. ஐந்து இடத்திலும் மேல்பக்கத்து இரண்டு நகங்கள் மடக்கப்பட்டிருக்கின்றன, கீழ்ப்பக்கத்து இரண்டும் நட்டுவைத்த மாதிரி நேராக நிற்கின்றன. ஆடுகிற கற்களில் நகத்துக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. நகங்களில் கீறல் இல்லை, நசுங்கல் இல்லை. சுற்றிலும் உள்ள வெள்ளைக் கல் வரிசை சிவப்புக் கல்லைவிடச் சற்று உயரமாக நிற்கிறது, அதில் ஒன்றுகூட அசையவில்லை.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். கடைக்குப் போன் செய்தபோது, "யூஸ் பண்றப்போ எங்கேயாவது தட்டியிருக்கும்மா" என்றார்கள். தட்டியிருந்தால் உயரமாக நிற்கிற வெள்ளை வரிசைதான் முதலில் அடி வாங்கியிருக்கும். நகம் வளைந்திருக்கும், வளைந்த இடத்தில் கீறல் இருக்கும். இங்கே நகம் வளைக்கப்படவே இல்லை.

நகையின் பின்பக்கம் மூடியிருந்து, உள்ளே அரக்கு வைத்துப் பதித்த கெம்பு நகையாக இருந்தால் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. வெந்நீரில் கழுவினால் அரக்கு இளகும், உள்ளே ஈரம் இறங்கினால் கல் கறுக்கும். அங்கே கடைக்காரர் பயன்படுத்தியவரைக் கை காட்டினால் மறுப்பது கஷ்டம். இது பின்பக்கம் திறந்த நகை, பிடிமானம் முழுவதும் நகத்தில்தான்.

அடுத்தது எடை. பில்லில் மொத்த எடை 45.580 கிராம், கல் எடை 3.440, தங்கம் 42.140. தாசரஹள்ளியில் ஒரு கடையில் எடை போட்டுச் சீட்டு வாங்கினார். அட்டிகை 45.460 கிராம், விழுந்த கல் 0.120 கிராம். கூட்டினால் அப்படியே பில் எடை. நகம் ஒன்று முறிந்து தொலைந்திருந்தால் மூன்றாவது தசமத்திலாவது குறைந்திருக்கும். இந்தச் சீட்டு இன்னொரு விதத்திலும் காப்பு. பழுதுபார்க்கக் கொடுத்த நகை திரும்பி வரும்போது எவ்வளவு இருந்தது என்று பிறகு வாதாட வேண்டியதில்லை.

உள்ளூர் பத்தரிடம் கொடுத்து அமுக்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் ஒரு யோசனை ஓடியது. நல்லவேளை செய்யவில்லை. வேறொருவர் குறடு பட்டுவிட்டால் நகத்தின் பழைய நிலை போய்விடும், சாட்சியும் அதோடு போய்விடும். பசை வைத்து ஒட்டுவது அதைவிட மோசம்.

இவ்வளவும் கையில் இருந்ததால் இரண்டாவது கடிதம் ஒரே பக்கத்தில் முடிந்தது. பில் எண், தேதி, ஹால்மார்க் எண் ஆகியவற்றுக்குப் பிறகு வந்த பகுதி இது:

"தங்கத்தின் தரம் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஹால்மார்க் எண்ணைச் செயலியில் சரிபார்த்தேன், பொருந்துகிறது. என் புகார் கல் பதிப்பைப் பற்றியது மட்டும். நடு வரிசை 21 கற்களில் 9ஆவது விழுந்துவிட்டது. 7, 8, 10, 11 ஆகிய நான்கும் ஆடுகின்றன. இந்த ஐந்து இடங்களிலும் கீழ்ப்பக்க நகங்கள் மடக்கப்படவில்லை. படங்களும் எடைச் சீட்டும் இணைப்பில். நகையை முகூர்த்தம், வரவேற்பு, மறுவீடு, ஒரு விருந்து ஆகியவற்றுக்கு அணிந்தோம். தண்ணீரில் கழுவவில்லை, வேறு யாரிடமும் பழுதுபார்க்கவில்லை. 21 கற்களையும் பரிசோதித்து, ஒட்டாமல், முறையாகத் திரும்பப் பதித்துத் தரவேண்டும். முடியாவிட்டால் இதே எடையில் வேறு நகை, அல்லது செய்கூலி, சேதாரம், கல் விலை உட்பட முழுத் தொகை. கடிதம் கிடைத்து 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தேவை."

ஹால்மார்க் வரியை ஏன் சேர்த்தோம் என்று சொல்லவேண்டும். கல் விழுந்தது என்று போனால், "916 நகைம்மா, எண்ணைப் போட்டுப் பாருங்க" என்று பேச்சைத் தங்கத்துக்குத் திருப்புவது வழக்கம். ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அந்த அடையாளம் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே சான்று. கல் அசலா, இறுகியிருக்கிறதா என்பது அதில் வராது. அந்தப் பேச்சுக்கு நாமே முதலில் கதவைச் சாத்திவிட்டால் நல்லது.

பில்லின் அடியில் பொடி எழுத்தில் "கற்களுக்கு உத்தரவாதம் இல்லை" என்றும் இருந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரத்தில் இருக்கிற எந்தக் குறையையும் பழுது என்கிறது. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. உத்தரவாதம் இல்லை என்று அச்சடித்துவிட்டால் மட்டும் நகம் மடக்காமல் விற்ற குறை தீர்ந்துவிடாது. ஆனால் எதிர்த்திசையிலும் ஒரு எல்லை உண்டு. ஒரு வருஷம் தினமும் போட்டு ஒரு கல் ஆடினால் இதே வாதம் நிற்காது, தேய்மானம் என்று சொல்லிவிடுவார்கள். சில வாரத்தில், ஒரே வரிசையில், ஒரே மாதிரி ஐந்து இடம் என்பதில்தான் இந்தப் புகாரின் பலம்.

கடை சேலத்தில், குடியிருப்பது பீன்யாவில். பழைய சட்டத்தில் இது தலைவலி. இப்போது புகார்தாரர் வசிக்கிற இடத்து மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய். பழுதைச் சோதித்துத்தான் சொல்லமுடியும் என்றால் ஆணையமே பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. கடிதத்தில் இதையெல்லாம் மிரட்டலாக எழுதவில்லை, பதில் வராவிட்டால் பெங்களூரு ஆணையத்தை அணுகுவேன் என்று ஒரே வரி. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வைத்துக்கொண்டார்.

கெடு முடிவதற்குள் மேலாளர் போன் செய்தார். குரல் மாறியிருந்தது. "ஏன் சார் இவ்வளவு தூரம், வாங்க, வேற டிசைன் மாத்திக்கங்க" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாற்றுவது என்றால் பழைய நகைக்கு 42.140 கிராம் தங்கத்தின் மதிப்பு மட்டும்தான் கணக்கு. வாங்கும்போது 14 சதவீதச் சேதாரமாக 5.900 கிராம் தங்கத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள், அது போய்விடும். கிட்டத்தட்ட முக்கால் பவுன். கல் விலையும் போகும். புது நகைக்கு மறுபடியும் சேதாரம், செய்கூலி, வரி. கடையின் தப்புக்கு வாடிக்கையாளர் இரண்டாவது முறை கூலி கொடுக்கிற ஏற்பாடு அது. "பழைய பில் விலைக்கே மாத்தித் தர்றீங்களா?" என்று கேட்டதும் பேச்சு மறுபடியும் பழுதுபார்ப்புக்கு வந்துவிட்டது.

சேலம் போனார்கள். நகையை வாங்கிக்கொண்டு கொடுத்த ரசீதில் கவுன்டரில் இருந்த பெண் "சர்வீஸ்" என்று மட்டும் எழுதினார். நம் இன்ஸ்பெக்டர் விடவில்லை. சர்வீஸ் என்றால் பயன்படுத்தியதில் வந்த பழுது என்று நாளைக்கு ஆகிவிடும். நின்று, மேலாளரைக் கூப்பிட்டு, "கல் பதிப்பில் குறை, கட்டணமின்றிச் சரிசெய்ய" என்று மாற்றி எழுதவைத்து, அட்டிகை எடையையும் கழன்ற கல்லின் எடையையும் தனித்தனியாகப் போடச் சொல்லி, கடை முத்திரையும் வாங்கிக்கொண்டார்.

நகை திரும்பி வந்தபோது மொத்த எடை 45.710 கிராம். மெலிந்த நகங்களில் தங்கம் வைத்துத் தடித்திருக்கிறார்கள், கூடுதல் 0.130 கிராமுக்குப் பணம் கேட்கவில்லை. மகள் ஒரு பஞ்சை எடுத்து வரிசை முழுக்க மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். பதினான்காவது கல்லின் ஒரு நகத்தில் நூல் மாட்டியது. கவுன்டரை விட்டு நகராமல் அதையும் அங்கேயே அமுக்கி வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார்கள்.